பேரம் பேசாமல் ஒரு பிரார்த்தனை: வேலையில்லாத மாதங்களில் நிதானம் கேட்டு எழுதுவது எப்படி?

வேலை போன முதல் மாதத்தில் சாமி கும்பிடுவதில் பெரிய மாற்றம் இருக்காது. வழக்கமான கும்பிடுதான், கூட ஒரு வரி சேரும். நாலைந்து மாதம் தாண்டும்போதுதான் பூஜை அறையில் பேச்சு வேறு மாதிரி ஆகிறது. "இந்த இன்டர்வியூ கிளிக் ஆனால் தேங்காய் உடைக்கிறேன்" என்று ஆரம்பித்தது, அது தட்டிப்போனதும் மொட்டையாகிறது. அடுத்தது தட்டிப்போனால் பாதயாத்திரை, அதற்கடுத்து முதல் மாதச் சம்பளம் முழுவதும் உண்டியலுக்கு. விலை ஏறிக்கொண்டே போகும்.

நேர்த்திக்கடன் நம் ஊரில் காலகாலமாக இருப்பது, அதை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் மாதக்கணக்கில் வேலை இல்லாதவருக்கு அதில் ஒரு குறிப்பிட்ட தொல்லை உண்டு. விலை சொல்லிக் கேட்டுவிட்டால், அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு "வி வில் கெட் பேக் டு யூ"வும் ஏதோ ஒரு கம்பெனியின் எச்.ஆர். சொன்ன பதிலாக இருப்பதில்லை. சாமியே விலை போதாது என்று சொல்லிவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது. ஒரே மறுப்பு இரண்டு இடத்திலிருந்து வந்து விழுகிறது. நிலைகுலையாமல் இருக்கத்தான் கும்பிடப் போனோம், கும்பிட்டதாலேயே இன்னும் ஆடிப்போய் எழுந்து வருகிறோம்.

பேரம் இல்லாமல், அன்றைய நாளைத் தாண்டுவதற்கு வேண்டிய நிதானத்தை மட்டும் கேட்கிற ஒரு பிரார்த்தனையைச் சொந்தமாக எழுதிக்கொள்வது எப்படி என்று பார்ப்போம். கோவையில் ஒரு வார்ப்பட ஆலையில் பர்ச்சேஸ் பிரிவில் இருந்த நண்பர் ஒருவர் எழுதியதை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். வயது நாற்பத்து நான்கு. ஆர்டர் குறைந்து ஆட்களைக் குறைத்தபோது அவரும் போனார். எழுதும்போது ஏழு மாதம் ஆகியிருந்தது. மகள் பிளஸ் டூ, வீட்டுக் கடன் தவணை ஐந்தாம் தேதி. பெயர் போடாமல் வெளியிடலாம் என்று அவரே சொன்னார்.

முதலில் யாரிடம் பேசுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

"இறைவா", "எல்லாம் வல்ல பரம்பொருளே" என்று ஆரம்பித்தால் கையில் மேடைத் தமிழ் வந்து ஒட்டிக்கொள்ளும். கால் இடறினால் வாயில் எந்தப் பெயர் வருகிறதோ அந்தப் பெயரை எழுதுங்கள். நண்பருக்கு அது "மருதமலை முருகா". உங்களுக்கு அது குலதெய்வமாக இருக்கலாம், "ஆண்டவரே", "யா அல்லாஹ்" என்று இருக்கலாம். நீ, நீர் என்று நீங்கள் வழக்கமாக எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே இருக்கட்டும். எழுதுகிறோமே என்று மரியாதையைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

போனில் தட்டச்சு செய்யாமல் தாளில் எழுதுவது நல்லது. போன் கையில் இருந்தால் நாலாவது வரியில் மெயில் பார்க்கப் போய்விடுவோம்.

மனதில் இருப்பதை அப்படியே கொட்டி ஒரு தடவை எழுதுங்கள்

முதல் பிரதியில் எதையும் திருத்தாதீர்கள். பேரம் வந்தால் வரட்டும். அதை வெளியே எடுத்து வைத்தால்தான் எங்கெங்கே இருக்கிறது என்று தெரியும். நண்பர் முதலில் எழுதியது இது:

> முருகா, ஏழு மாதமாக உன்னைத்தான் நம்பி இருக்கிறேன். நான் யாருக்கும் துரோகம் செய்ததில்லை. கம்பெனியில் ஒரு ரூபாய் கமிஷன் வாங்கியதில்லை. வாங்கித் தின்றவன் எல்லாம் நன்றாக இருக்கிறான். இந்த மாதத்துக்குள் ஒரு வேலை கொடு. சம்பளம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. கிடைத்தால் குடும்பத்தோடு வந்து மொட்டை போடுகிறேன். எனக்கு மனதைரியம் கொடு. என்னைச் சோதித்தது போதும். நன்றி முருகா, நீ கொடுத்துவிட்டாய் என்றே நினைத்துக்கொள்கிறேன்.

இதில் ஒரு பொய்யும் இல்லை. ஏழு மாதம் வேலையில்லாத யாரும் இப்படித்தான் எழுதுவார்கள்.

பேரத்தைக் கண்டுபிடித்து அடிக்கோடு போடுங்கள்

இந்த வேலைக்குத்தான் அதிக நேரம் ஆகும். ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு வரி வரியாகப் போங்கள்.

கண்ணுக்குத் தெரியும் பேரம் சுலபம். "கிடைத்தால்", "கொடுத்தால்", "நடந்தால்" என்று ஒரு பாதியும், "செய்கிறேன்", "வருகிறேன்", "விட்டுவிடுகிறேன்" என்று மறு பாதியும் இருக்கும். மொட்டை வரி அந்த வகை. சிகரெட்டை விட்டுவிடுகிறேன், அசைவத்தை நிறுத்திவிடுகிறேன் என்பதும் அதேதான். அடித்துவிடுங்கள்.

அடுத்தது பழைய பாக்கி. "யாருக்கும் துரோகம் செய்ததில்லை, கமிஷன் வாங்கியதில்லை" என்பது பார்க்கப் புலம்பல் மாதிரி இருக்கிறது. ஆனால் அது போகிற இடம் "ஆகவே நீ எனக்குக் கொடுக்க வேண்டியது இருக்கிறது" என்பதுதான். ஏற்கெனவே செய்த நல்லதற்குப் பில் போட்டு நீட்டுவது. "ஏழு மாதமாக உன்னைத்தான் நம்பி" என்பதும் அதே பில்லில் ஒரு வரி.

இதை வெறுமனே அடித்துவிடக் கூடாது. அடியில் ஒரு நிஜமான வலி இருக்கும், அதைத் தோண்டி எடுக்க வேண்டும். அவரிடம் கேட்டேன்: "கமிஷன் வாங்காதது இப்போ ஏன் ஞாபகம் வருது?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார், "வாங்கியிருந்தா இந்த ஏழு மாசம் ஓடியிருக்குமேன்னு ராத்திரி தோணுதுங்க." அந்த வாக்கியம்தான் பிரார்த்தனைக்குள் வர வேண்டும். தன் நேர்மைக்குக் கூலி கேட்பதும், நேர்மை ஆட்டம் காண்கிறது என்று ஒத்துக்கொள்வதும் ஒன்றில்லை. இரண்டாவதில் கேட்பதற்கு ஒரு விஷயம் இருக்கிறது.

மூன்றாவது வகை, விலையைக் குறைத்துக் கேட்பது. "சம்பளம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை." இந்த வரியை நான் வாய்விட்டுப் படித்ததும் அவரே சிரித்துவிட்டார். வெண்டரிடம் ரேட் பேசியே பழகிய ஆள். கொட்டேஷனில் கடைசியாக இரண்டு பர்சென்ட் இறங்கி வருவது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? குறைந்த சம்பளத்துக்குப் போகலாமா என்பது நல்ல கேள்விதான். அதை வீட்டில் மனைவியோடு உட்கார்ந்து, மாதச் செலவை எழுதி வைத்துக்கொண்டு பேச வேண்டும். பிரார்த்தனைக்குள் அதற்கு இடமில்லை.

கெடு வைப்பது நாலாவது. "இந்த மாதத்துக்குள்." கெடு முடிகிற நாளன்று என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள், ஏன் வேண்டாம் என்று புரியும்.

கடைசியாக, கண்டுபிடிக்கவே கஷ்டமான ஒன்று இருக்கிறது. பணிவு வேஷத்திலும் முன்பண வேஷத்திலும் வரும். "எனக்கு எதுவுமே வேண்டாம், உன் காலடி போதும்" என்று எழுதிவிட்டு, இப்படிச் சொன்னால் தருவான் என்று ஓரக்கண்ணால் பார்ப்பது ஒன்று. கிடைப்பதற்கு முன்பே நன்றி சொல்லிவிடுவது இன்னொன்று. கிடைத்துவிட்டதாக நினைத்து நன்றி சொன்னால் கிடைத்துவிடும் என்று சில வீடியோக்களில் சொல்லித்தருகிறார்கள், நண்பருக்கும் அங்கிருந்துதான் வந்தது. அது அட்வான்ஸ் கொடுத்து ஆர்டரை உறுதி செய்வது. உங்களுக்கு நிஜமாகவே நன்றி சொல்ல ஏதாவது இருந்தால், அது ஏற்கெனவே நடந்த விஷயமாக இருக்கட்டும்.

கேட்பதும் சண்டை போடுவதும் பேரம் ஆகாது

பேரத்தை எடுக்கிறேன் என்று சிலர் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். வேலை வேண்டும் என்று கூடச் சொல்லக் கூடாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படியில்லை.

திருவாவடுதுறையில் சம்பந்தர் பாடிய பதிகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா வேள்வி செய்யப் பொருள் கேட்கிறார், பிள்ளையிடம் ஒன்றும் இல்லை. சாமியிடம் போய் அவர் பாடியது, "இதுவோ எமை ஆளுமாறு, ஈவதொன்று எமக்கில்லையேல், அதுவோ உனது இன்னருள், ஆவடுதுறை அரனே." எங்களுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை என்றால் நீ எங்களை ஆள்கிற லட்சணம் இதுதானா என்று நேராகவே கேட்டுவிடுகிறார். சண்டை இருக்கிறது. கொடுத்தால் இதைச் செய்கிறேன் என்ற பேச்சு இல்லை. அந்தக் கதையில் ஆயிரம் பொன் கொண்ட கிழி கிடைத்தது என்று பெரியபுராணம் சொல்கிறது. நமக்கு இங்கே அது முக்கியமில்லை, அவர் கேட்ட விதம்தான் முக்கியம்.

மாணிக்கவாசகர் வேறு பக்கத்திலிருந்து வருகிறார். "வேண்டத் தக்கது அறிவோய் நீ" என்று ஆரம்பிக்கும் பாட்டில், எனக்கென்று வேண்டுவது ஒன்று இருக்குமானால் அதுவும் உன் விருப்பம்தானே என்று முடிக்கிறார். ஆசையை மறைக்கவில்லை, அதையும் சேர்த்தே அவன் முன்னால் வைத்துவிடுகிறார்.

எனவே வேலையைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள். ஒன்றே ஒன்று. "எனக்கு வேலை வேண்டும்." அதற்கு முன்னும் பின்னும் காரணம், தகுதி, கெடு எதுவும் வேண்டாம். அந்த வரியை எழுதாமல் விட்டால், மற்ற எல்லா வரிகளுக்குள்ளும் அது நுழைந்துவிடும். கோபம் இருந்தால் அதையும் எழுதுங்கள். கிறிஸ்தவ வீடுகளில் சங்கீதம் படிப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று அதிலேயே இருக்கிறது.

"மனதைரியம்" என்பதை நாளின் நேரங்களாக மாற்றுங்கள்

மனதைரியம் கொடு, நிம்மதி கொடு என்று கேட்டால் ராத்திரி படுக்கும்போது கிடைத்ததா இல்லையா என்று சொல்ல முடியாது. சொல்ல முடியாததைக் கேட்டால் மறுநாள் திரும்பவும் பெரிதாகக் கேட்போம். அதனால் நிதானம் உங்களுக்கு எந்த மணிக்குக் கைவிட்டுப் போகிறது என்று பாருங்கள். ஒரு வாரம் போல, ஆடிப்போன நேரத்தை மட்டும் ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

நண்பருக்கு வந்தவை இவை. காலை எட்டே முக்காலுக்கு எதிர்வீட்டுக்காரர் பைக்கை ஸ்டார்ட் செய்கிற சத்தம். பதினோரு மணிவாக்கில் தெரியாத நம்பரிலிருந்து போன் வரும், கன்சல்டன்சியாக இருக்கும் என்று பாய்ந்து எடுத்தால் பர்சனல் லோன் வேணுமா சார் என்று ஒரு பெண் கேட்பார், அவரிடம் கத்திவிடுவது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் ஐந்து மணி வரை எழுந்திருக்காமல் கிடப்பது. மகள் டியூஷன் ஃபீஸ் என்று ஆரம்பித்ததும் முகம் மாறுவது. ஐந்தாம் தேதியை ஒட்டி வங்கியிலிருந்து கூப்பிட்டால் போனைக் கவிழ்த்து வைப்பது. உறவுக்காரர் கல்யாணத்தில் "இப்ப எங்க இருக்கீங்க?" என்ற கேள்வி.

இதில் இருந்து நாலைந்தை எடுத்து, ஒவ்வொன்றிலும் தான் என்ன செய்ய விரும்புகிறோம் என்று எழுத வேண்டும். என்ன தோன்ற வேண்டும் என்று எழுதினால் மறுபடி நிம்மதி கொடு கதைதான். "பயம் வரக் கூடாது" என்பது நம் கையிலும் இல்லை, ராத்திரி சரிபார்க்கவும் முடியாது. "பயந்தாலும் போனை எடுக்க வேண்டும்" என்பது சரிபார்க்கக் கூடியது. அப்புறம், கேட்பது இன்றைக்கு மட்டும் இருக்கட்டும். நாளைக்கு நாளைக் காலையில் கேட்டுக்கொள்ளலாம்.

முடிவான பிரதி

இரண்டு மூன்று தடவை அடித்துத் திருத்தி அவர் எழுதி முடித்தது:

> மருதமலை முருகா,
>
> வேலை போய் ஏழு மாதம் ஆகிறது. எனக்குக் கோபம் இருக்கிறது. உன் மேலும் இருக்கிறது. மறைத்துக்கொண்டு கும்பிட எனக்கு வரவில்லை.
>
> கமிஷன் வாங்கினவன் நன்றாக இருக்கிறான். நானும் வாங்கியிருக்கலாமோ என்று ராத்திரி தோன்றுகிறது. அந்த நினைப்பு வந்தால் வரட்டும், என்னிடம் தங்க வேண்டாம்.
>
> எனக்கு வேலை வேண்டும்.
>
> இன்றைக்கு இதற்குத் துணை நில். எதிர்வீட்டு பைக் கிளம்பும்போது நான் குளித்து முடித்திருக்க வேண்டும். லோன் விற்கிற பெண் கூப்பிட்டால், வேண்டாம்மா என்று சொல்லி வைத்துவிட வேண்டும். அவளும் சம்பளத்துக்குத்தான் கூப்பிடுகிறாள். மத்தியானம் அரை மணிக்கு மேல் படுக்காமல் எழுந்திருக்க வேண்டும். பிள்ளை ஃபீஸ் கேட்டால், இன்னும் பணம் புரளவில்லை, பத்தாம் தேதிக்குள் சொல்கிறேன் என்று உள்ளதைச் சொல்ல வேண்டும். வங்கியிலிருந்து வந்தால் போனை எடுக்க வேண்டும்.
>
> கை நடுங்கினாலும் இவற்றைச் செய்ய என்னைப் பிடித்துக்கொள்.
>
> இதற்குப் பதிலாகத் தர என்னிடம் ஒன்றும் இல்லை. தருகிறேன் என்றும் சொல்லவில்லை.
>
> லேப்டாப்பைத் திறக்கிறேன்.

"ஒன்றும் இல்லை" என்ற அந்த வரி தேவையில்லை என்பது என் கட்சி. பேரம் இல்லை என்று சொல்லிக் காட்டுவதிலும் ஒரு சின்னப் பெருமை இருக்கிறது, அது இல்லாமலே பிரார்த்தனை நிற்கும். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. தினமும் வாய் தானாக மொட்டைக்குப் போகிறது, அதைத் தடுக்க அந்த வரி வேண்டும் என்றார். சரி, அவர் பிரார்த்தனை.

கடைசி வரியைக் கவனியுங்கள். துதியிலோ வாக்குறுதியிலோ முடிக்காமல், எழுந்து போய் அடுத்து செய்யப் போகிற காரியத்தில் முடித்திருக்கிறார். முடிவில் ஒரு பெரிய வரி வைத்தால் அங்கேயே உட்கார்ந்து கண் கலங்கிக்கொண்டிருப்போம்.

தினமும் சொல்லிப் பார்க்கும்போது

காலையில் ஒரு தடவை, முணுமுணுப்பாகவாவது வாய்விட்டுப் படியுங்கள். நிதானமாகப் படித்தாலும் ஓரிரு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. ஐந்து நிமிடம் போகிறது என்றால் எங்கோ பழைய பாக்கி திரும்ப வந்துவிட்டது என்று அர்த்தம்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு நாள் போதும். ரிஜெக்ட் மெயில் வந்த மறுநாள் காலையில் படித்துப் பாருங்கள். எந்த வரியில் "இவ்வளவு கேட்டும்..." என்று வாய் மேலே போகிறதோ, அந்த வரியில் பேரம் பாக்கி இருக்கிறது. நண்பருக்கு அப்படி மாட்டியது "துணை நில்" என்பதற்கு முன்னால் இருந்த ஒரு வரி. "நான் என் பங்கைச் செய்கிறேன்" என்று எழுதியிருந்தார். அப்படியென்றால் உன் பங்கை நீ செய் என்றுதானே? அதை எடுத்த பிறகு உருவானதுதான் மேலே இருக்கும் பிரதி.

படித்து முடித்ததும் கை போனுக்குப் போய் மெயில் வந்திருக்கிறதா என்று பார்த்தால் அதுவும் ஓர் அடையாளம். பிரார்த்தனையை அனுப்பிவிட்டு ரிப்ளைக்குக் காத்திருக்கிறோம். அந்த வழக்கம் இருந்தால், குளிப்பதற்கு முன் படித்துவிடுங்கள். நடுவில் ஒரு காரியம் இருந்தால் அந்தக் கண்ணி அறுந்துவிடும்.

இன்டர்வியூ நாளில் கூடுதல் வரி சேர்க்கத் தோன்றும். சேர்க்க வேண்டாம். அன்றைக்கு உள்ள நேரங்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். "ஏழு மாசம் ஏன் கேப்?" என்று கேட்டால், ஆட்குறைப்பு என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும், இப்படி ஏதாவது ஒன்று.

இரவில் சரிபார்க்கும்போது ஐந்தில் இரண்டுதான் நடந்திருக்கும். சில நாள் ஒன்றும் நடந்திருக்காது. நடக்காததற்காகத் தனியாக மன்னிப்புப் பிரார்த்தனை எழுதத் தொடங்காதீர்கள், அது இன்னொரு கணக்குப் புத்தகமாகிவிடும். ஆனால் வாரக்கணக்கில் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, நான் இல்லாவிட்டால் வீட்டுக்கு நல்லது என்ற நினைப்பு வருகிறது என்றால், பிரார்த்தனையைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், இலவசம், தமிழிலும் பேசலாம். கூடவே வீட்டில் ஒருவரிடம் சொல்லி டாக்டரைப் பாருங்கள்.

ஏற்கெனவே நேர்ந்துகொண்டது இருந்தால்

பெரும்பாலானவர்களுக்கு இருக்கும். ஐந்து மாதம் முன்பு சொன்ன மொட்டை, பாதயாத்திரை எல்லாம் மனதில் நிற்கும். புதிய பிரார்த்தனைக்குள் அதைக் கொண்டுவராதீர்கள், ரத்து செய்வதாகவும் எழுதாதீர்கள். தனித் தாளில் எழுதி வைத்துவிடுங்கள். பின்னால் முடிகிறபோது செய்யலாம். அதற்காக இப்போது கடன் வாங்கிப் பரிகாரம் செய்யப் போக வேண்டாம். நாலு ஜோசியர் நாலு விலை சொல்கிற காலம் இதுதான்.

வீட்டில் மற்றவர்கள் நேர்ந்துகொண்டது வேறு விஷயம். நண்பரின் அம்மா மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். நான் இப்படிப் பேரம் இல்லாமல் கும்பிடுகிறேன், நீயும் அவிழ்த்துவிடு என்று அவரிடம் போய் நிற்கக் கூடாது. அது அம்மாவுக்கும் முருகனுக்கும் உள்ள பேச்சு. வேலை கிடைத்து அவர் மலைக்குக் கூப்பிடுகிற அன்று லீவு போட்டுவிட்டுக் கூடப் போனால் போதும்.